ஒரே அடுப்படியில் மூன்று பத்தியம்

"கும்பகோணத்தில் எங்கள் வீட்டின் 4 அறைகளை விருந்தினருக்கு விட ஆரம்பித்திருக்கிறோம். அடுத்த வாரம் ஒரே நேரத்தில் 10 பேர் இரண்டு நாள் தங்க வருகிறார்கள். வெங்காயம் பூண்டு சாப்பிடாத ஜைனர்கள் 4 பேர், இன்சுலின் போடும் பாட்டியோடு சென்னைக் குடும்பம் ஒன்று, கோதுமையே ஆகாத 10 வயதுப் பெண்ணோடு லண்டன் தமிழ்க் குடும்பம் ஒன்று. சமையலறை ஒன்றுதான். சமைக்க நானும் உதவிக்கு ஒரு அக்காவும். என்ன சமைப்பது, எதில் கவனமாக இருப்பது?"

முதலில், மூன்று சமையல் செய்ய நினைக்காதீர்கள். இரண்டு பேர் நின்று மூன்று குழம்பு வைத்தால், மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு பாத்திரத்துக் கரண்டி இன்னொன்றில் போகாமல் இருக்கவே இருக்காது. பத்துப் பேருக்கும் ஒரே சமையல் செய்யுங்கள். அதில் வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றும் கிடையாது. பாட்டிக்குத் தனிப் பண்டம் எதுவும் வேண்டாம். அவருக்கு அளவும் நேரமும் மட்டும் மாறும். நம் ஊர் அரிசிச் சமையலில் இது கஷ்டமே இல்லை. எங்கள் வீட்டில் 11 வருடமாக விருந்தினர் தங்குகிறார்கள். ஆரம்பத்தில் நானும் தனித்தனியாகச் சமைத்துத் திணறியிருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்த மூன்று பத்தியமும் மூன்று விதமானவை. வெங்காயம் பூண்டு விலக்குவது நம்பிக்கை சார்ந்தது. அங்கே சமையலில் சேர்க்காமல் இருப்பதோடு வாசனையும் வரக்கூடாது. சர்க்கரை நோய் அளவைப் பொறுத்தது, ஒரு கரண்டி கூடினால் அதோடு எல்லாம் கெட்டுப்போகாது. கோதுமை ஆகாத குழந்தைக்கு, அதுவும் சீலியாக் நோய் என்றால், ஒரு சிட்டிகையே போதும் குடலைப் புண்ணாக்க. புண்ணாக்குவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம், சூடு செய்தாலும் அது போகாது. எனவே உங்கள் அடுப்படியின் சட்டத்தை எழுதப் போவது அந்தப் பத்து வயதுப் பெண்தான். அவளுக்குச் சரியாக இருக்கும் சமையலறை மற்றவர்களுக்கும் சரியாக இருக்கும்.

இன்றே மூன்று வீட்டாருக்கும் போன் செய்து கேட்டுவிடுங்கள். லண்டன்காரர்களிடம், "மருத்துவர் சீலியாக் என்று சொன்னாரா, கோதுமை அலர்ஜியா, இல்லை சேரவில்லை என்று நிறுத்தியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அலர்ஜி என்றால் மூச்சுத் திணறல் வரை போகலாம், அவசர ஊசி கையில் இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீலியாக் என்றால் கோதுமையோடு பார்லியும் ரை என்ற தானியமும் ஆகாது. ஜைனர்களிடம் கிழங்கு வகை சாப்பிடுவார்களா, பச்சை இஞ்சி ஆகுமா, முதல்நாள் அரைத்துப் புளித்த மாவு ஆகுமா, சூரியன் மறைந்தபின் சாப்பிடுவார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு இது மாறும். பாட்டியின் மகனிடம் இன்சுலின் எந்த நேரம், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால், சிறுநீரகத்துக்காக உப்பு பருப்பு எதையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம், ஏனென்றால் நான் கீழே சொல்லும் சாப்பாட்டில் பருப்பு அதிகம்.

இப்போது பெருங்காயத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான், நானும் சறுக்கியிருக்கிறேன். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் என்றால் நம் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போகும். கடையில் விற்கும் பெருங்காயத் தூளும், கட்டிப் பெருங்காயமும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பிசின் தாங்க முடியாத காரமும் நெடியும் கொண்டது. அதனால் அதை மாவும் அரபிக் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல நேரங்களில் கோதுமை மாவு, இல்லையென்றால் மைதா. டப்பாவின் பின்னால் பொருட்கள் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். அதாவது ஜைன விருந்தினருக்காகக் கூடுதலாகப் போடுகிற பெருங்காயமே அந்தக் குழந்தைக்குக் கோதுமையாகப் போய்ச் சேருகிறது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு சீலியாக் விருந்தினர் வந்தார். ரவை, சேமியா, மைதா எதுவும் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். வெயிலுக்கு நீர்மோர் கொடுத்தேன், தாராளமாகப் பெருங்காயம் போட்டு. அன்று இரவு முழுக்க அவருக்கு வயிற்றுவலி. மறுநாள் இரண்டு பேருமாகச் சமையலறை அலமாரியைப் பொருள் பொருளாகப் படித்துப் பார்த்தபோதுதான் அந்த டப்பாவில் "கோதுமை மாவு" என்ற வார்த்தையைக் கண்டோம்.

கொஞ்சூண்டு தூள்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேருக்கு 2 லிட்டர் சாம்பார், அதில் 1 கிராம் பெருங்காயத் தூள். தூளில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் அரை கிராம். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன், ஆக 50 மில்லிகிராம். 2 கிலோ சாம்பாருக்கு அது கிலோவுக்கு 25 மில்லிகிராம். குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சாம்பார் ஒன்றிலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதன்பின் ரசம், பொரியல், மோர், ஊறுகாய் என்று ஒவ்வொன்றிலும் அதே தூள்.

தீர்வு எளிது. பட்டியலில் அரிசி மாவு மட்டும் இருந்து, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. உடனே ஒரு டப்பா வாங்குங்கள். பழைய டப்பாவை அலமாரியின் பின்னால் தள்ளி வைப்பதோடு விடாமல் வீட்டை விட்டே வெளியே அனுப்புங்கள். உதவிக்கு வரும் அக்காவின் கை பழக்கத்தில் அதைத்தான் தேடும். புது டப்பா கிடைக்காவிட்டால் பெருங்காயமே இல்லாமல் சமையுங்கள். நெய்யில் மிளகும் சீரகமும் பொரித்து, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் தூவினால் பருப்புக்கு வேண்டிய மணமும் செரிமானமும் வந்துவிடும். பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் வெங்காயம் பூண்டு இல்லாமல் பொங்கலும் இட்லியும் மணப்பது மிளகு, சீரகம், சுக்கு, நெய்யால்தான்.

பெருங்காயம் ஒளிந்திருக்கும் பண்டங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். கடை சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றிலும் அது உண்டு. அப்பளம் உளுந்தில் செய்வதுதான், ஆனாலும் தேய்க்கும்போது ஒட்டாமல் இருக்க மாவு தூவுவார்கள், பெருங்காயமும் சேர்ப்பார்கள். அந்த இரண்டு நாளும் அப்பளத்தை விட்டுவிட்டு வீட்டு அரிசி வடாம் பொரியுங்கள், புது எண்ணெயில்.

அடுத்த பள்ளம் மாவு மில். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, கம்பு, சாமை, தினையிலும் கிடையாது. ஆனால் மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் அதே கல்லில், அதே குழாயில் வந்த உங்கள் கேழ்வரகு மாவிலும் அது கலந்திருக்கும். பார்த்தால் தெரியாது. ஆகவே மில்லில் அரைத்த மாவு எதுவும் அந்தக் குழந்தைக்கு வேண்டாம், அரிசி மாவு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் உட்பட. முழு மிளகாய், முழு மல்லி வாங்கி, நன்றாகக் கழுவிய மிக்ஸி ஜாரில் வீட்டிலேயே வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக விற்கும் பருப்பிலும் சிறுதானியத்திலும் கோதுமை மணி ஒன்றிரண்டு கிடக்கும். மூட்டைக் கடையில் ஒரே முறத்தில் அள்ளுவதால் வருவது அது. முதல்நாள் மதியம் நல்ல வெளிச்சத்தில் வெள்ளைத் தட்டில் பரப்பி, கைப்பிடி கைப்பிடியாகப் பொறுக்கி வைத்துவிட்டு, ஊறப்போடும் முன் மூன்று தண்ணீரில் அலசுங்கள். கோதுமை மணி நீளமாக, நடுவில் கோடு விழுந்து இருக்கும். பயறுக்கு நடுவில் கண்ணில் பட்டுவிடும்.

இனிச் சுத்தம் செய்வது. அவர்கள் வரும் முதல்நாளே கோதுமை மாவு, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், பிரெட், மால்ட் கலந்த பானத் தூள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி வேறு அறையில் வைத்துவிடுங்கள். சப்பாத்திப் பலகை, கட்டை, மாவுச் சல்லடை, மரக் கரண்டிகள் அதே பெட்டியோடு போகட்டும். மரத்தின் இழையிலும் சல்லடைக் கண்ணிலும் சிக்கிய மாவு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. கோதுமை மாவு காற்றில் பறந்து மெல்ல மெல்லப் படியும் பொருள். அதனால்தான் "குழந்தைக்குத் தனியாக வைத்துவிட்டு ஓரமாகச் சப்பாத்தி இடுகிறேன்" என்பது பலிக்காது. மேடையையும் அலமாரித் தட்டுகளையும் துடைப்பத்தால் தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள், துணியை இரண்டு முறை மாற்றுங்கள். எவர்சில்வர் பாத்திரங்கள் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்தால் போதும். பாத்திரம் தேய்க்கும் நாரை மட்டும் புதிதாக எடுங்கள்.

தோசைக்கல்லைப் பற்றி யோசியுங்கள். கோதுமை தோசையோ சப்பாத்தியோ போட்ட இரும்புக்கல் என்றால், நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். பழகிய கல்லின் எண்ணெய்ப் பூச்சில் மாவு ஒட்டியிருக்கும். புதுக் கல் ஒன்று வாங்குங்கள். அதைப் பழக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, நாம் யோசிக்காமல் செய்வது. கல்லில் எண்ணெய் தடவப் பாதி வெங்காயத்தைக் குத்தி வைத்துத் தேய்ப்போமே, அது ஜைனர்களுக்கு வெங்காயம் போட்ட தோசைதான். பாதி வெள்ளரிக்காயோ சுருட்டிய வாழையிலைத் தண்டோ போதும்.

வெங்காய பூண்டு வாசனை தங்கும் இடங்கள் மூன்று: குக்கரின் ரப்பர் வளையம், மிக்ஸி மூடியின் வளையம், ஃப்ரிட்ஜ். வளையங்களைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் இருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரைமணி போட்டு வெயிலில் காயவையுங்கள். அப்படியும் போகாவிட்டால் புது வளையம் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் நறுக்கிய வெங்காயம் இருந்த தட்டுக்குப் பக்கத்தில் தயிரும் தேங்காய்ப் பாலும் வைத்தால் வாசனையை அப்படியே இழுத்துக்கொள்ளும். சென்னைக் குடும்பத்தில் யாராவது வெங்காயம் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்றால், எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின் கொல்லைப் பக்கம் வைத்து ஒரு வெங்காயப் பச்சடி மட்டும் கலந்து அவர்கள் இலைக்கு மட்டும் கொடுங்கள். அக்காவுக்கும் உங்களுக்கும் வெங்காயக் குழம்பு வேண்டுமென்றால் அதுவும் கடைசியில்தான்.

பாட்டிக்கு வருவோம். இவருக்காகத்தான் பலர் கோதுமையை அடுப்படிக்குள் திரும்பக் கொண்டுவருகிறார்கள். "சுகர் இருக்கே, ரெண்டு சப்பாத்தி போட்டுடலாம்." சப்பாத்திக்கும் சோற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றும் 30 கிராம் மாவில் இடும் இரண்டு சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்தும், 150 கிராம் சோற்றில், அதாவது தலைதட்டிய ஒரு கப் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் கிட்டத்தட்ட ஒன்று, 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சப்பாத்தியை எண்ணிப் போடுகிறோம், சோற்றை எண்ணாமல் போடுகிறோம். அந்தப் பழக்கம்தான் சப்பாத்திக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. சோற்றையும் அளந்து போட்டால் பாட்டிக்குக் கோதுமை தேவையே இல்லை. எவ்வளவு என்பதை அவர் மகனிடம் கேட்டு, அந்த அளவுக்கு ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்து, எல்லா வேளையும் அதே கிண்ணத்தால் போடுங்கள். இன்சுலின் அளவு வழக்கமான சாப்பாட்டுக்கு ஏற்றபடி இருக்கும். நீங்களாக ஆசையில் சோற்றை அடியோடு குறைத்தால் சர்க்கரை இறங்கிவிடும், அது இன்னும் ஆபத்து. பனைவெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான் என்பதையும் அக்காவிடம் சொல்லிவையுங்கள். கேழ்வரகுக் கஞ்சி நல்லது என்று நினைத்துக் கரைத்துக் கொடுப்பார்கள். மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, குடிக்கிற பதத்தில் கொடுத்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். மென்று சாப்பிடும் உணவு அவருக்கு மேல்.

சரி, ஒரு நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று பார்க்கலாம்.

காலையில் பச்சைப்பயறு தோசை. பத்துப் பேருக்கு முழுப் பச்சைப்பயறு 4 கப், பச்சரிசி அரை கப், ஐந்து மணிநேரம் ஊறவைத்து, பச்சைமிளகாய் ஆறு, சீரகம், உப்பு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் சேர்த்து அரைத்தவுடன் வார்க்கலாம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. புளிக்க வைக்க வேண்டாம், ஆகவே நேற்றைய மாவு ஆகாத ஜைனர்களுக்கும் சரி. சிலர் முளைகட்டியதைச் சாப்பிடமாட்டார்கள், அதனால் அதிகாலையில் ஊறப்போட்டு முளை எட்டிப் பார்க்கும் முன் அரைத்துவிடுங்கள். இஞ்சிக்குப் பதில் சுக்கு போடுவதற்கும் காரணம் அவர்கள்தான். பச்சை இஞ்சி மண்ணுக்கடியில் இருப்பது என்று விலக்குவார்கள், காய்ந்த சுக்கையும் மஞ்சள் தூளையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பாட்டிக்கு இது இட்லியை விட நல்லது, பயற்றில் புரதமும் நாரும் அதிகம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, பொட்டுக்கடலையைப் பொறுக்கிப் போட்டு.

மதியம் அரைத்துவிட்ட சாம்பார், பீன்ஸ் பருப்பு உசிலி, புடலங்காய்க் கூட்டு, தக்காளி ரசம், தயிர், சோறு. வெங்காயம் இல்லாத சாம்பார் தண்ணீராக, தட்டையாக இருப்பதாக எல்லோரும் குறைப்படுவார்கள். வெங்காயம் கொடுப்பது இரண்டு: லேசான இனிப்பும், குழம்புக்கு உடம்பும். இந்த இரண்டையும் வேறிடத்திலிருந்து எடுக்க வேண்டும். மல்லி 4 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, மிளகாய் எட்டு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி எண்ணெயில் சிவக்க வறுத்து, ஒரு கப் தேங்காய்த் துருவலையும் அதே சட்டியில் பொன்னிறமாகப் புரட்டி அரையுங்கள். தேங்காயைப் பச்சையாக அரைத்தால் அந்த இனிப்பு வராது. காய்க்கு மஞ்சள் பூசணி போட்டால் பாதித் துண்டுகள் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், மீதி துண்டாகவே நிற்கும். பாட்டி இலைக்குப் பூசணித் துண்டை அள்ளிப் போடாமல் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். உருளை, கேரட், முள்ளங்கி, சேனை எதுவும் கிழங்கு விலக்குகிறவர்களுக்கு ஆகாது, அதனால் காய்க்கூடை முழுக்கக் கொடியிலும் செடியிலும் காய்ப்பவையாகவே இருக்கட்டும்.

உசிலி இந்த மூன்று பேருக்கும் பொருந்துகிற பண்டம். துவரம்பருப்பு ஒரு கப், கடலைப்பருப்பு அரை கப், மிளகாய் ஆறு, ஒரு மணிநேரம் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, தட்டில் பரப்பிக் கால்மணிநேரம் ஆவியில் வேகவிட்டு, ஆறியபின் உதிர்த்துக்கொள்ளுங்கள். முக்கால் கிலோ பீன்ஸைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து இரண்டையும் புரட்டினால் முடிந்தது. ஆறாமல் உதிர்த்தால் களியாகிவிடும். காயும் பருப்பும் ஒன்றாக இருப்பதால் பாட்டி இதைத் தாராளமாகச் சாப்பிடலாம், சோறு தானாகக் குறையும்.

பாயசம் வைக்காமல் இருக்க மனசு வராது. பாசிப்பருப்புப் பாயசம் வையுங்கள், சேமியா மட்டும் வேண்டாம். பாட்டிக்கு வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடாதீர்கள். வெல்லம் சேர்ப்பதற்கு முன் வெந்த பருப்பும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயுமாகக் கால் டம்ளர் எடுத்து வைத்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ராத்திரிக்குச் சாமை. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட உறை போட்ட சாமை வாங்கி, அவரைக்காயும் குடமிளகாயும் நிறையப் போட்டு உப்புமாபோல் கிளறி, தக்காளிக் கொத்சு வையுங்கள். ஒரு கப் சாமைக்கு இரண்டரைக் கப் தண்ணீர். சூரியன் மறையும் முன் சாப்பிடுகிறவர்கள் என்றால் நவம்பரில் நம் ஊரில் ஆறு மணிக்கு முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிடும், ஐந்தேகாலுக்கு இலை போட்டாக வேண்டும். தாராசுரம் போய்விட்டுத் தாமதமாக வருவோம் என்றால் காலையிலேயே சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்கு எட்டு மணி என்றால் கொத்சைச் சூடு பண்ணிக்கொள்ளலாம், சாமையைப் புதிதாகக் கிளறுங்கள், ஆறினால் கட்டிதட்டும்.

பரிமாறுவதற்கு வாழையிலை போடுங்கள். தட்டு கலந்துபோகிற கவலை அதோடு போய்விடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி, அது வேறு பாத்திரத்துக்குப் போகாது. எல்லோரும் உட்கார்வதற்கு முன் குழந்தையின் இலையை முதலில் நிரப்பிவிடுங்கள். லண்டன் குடும்பம் பெட்டியில் பிஸ்கட், பிரெட் கொண்டுவந்திருக்கலாம், மற்றவர்களும் கொண்டுவருவார்கள். அவை அறைகளிலேயே இருக்கட்டும், பொதுவில் இருக்கும் வெண்ணெய், ஜாம் பாட்டிலில் யாரும் பிரெட் துகள் ஒட்டிய கத்தியை விடக்கூடாது. பாட்டியின் இலையில் உசிலியும் கூட்டும் முதலில் வைத்து, அவர் அதில் பாதி சாப்பிட்டபின் சோறு போடுங்கள். காயும் பருப்பும் முன்னால் உள்ளே போனால் சர்க்கரை ஏறுவது மெதுவாகும்.

அவருக்கு இலை போட்டாயிற்றா என்பதை விட, ஊசி போட்டாயிற்றா என்பது முக்கியம். சாப்பாட்டுக்குச் சற்று முன் போடும் இன்சுலினைப் போட்டுவிட்டு, "இதோ அஞ்சு நிமிஷம்" என்று நீங்கள் முக்கால் மணிநேரம் இழுத்தால் பாட்டிக்கு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஆகவே சோறு வடித்து இறக்கியபின் அவர் அறைக்குப் போய்ச் சொல்லுங்கள், அதற்கப்புறம் ஊசி போட்டுக்கொள்ளட்டும். அப்படியும் அந்த அறிகுறிகள் தெரிந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவர் என்றால், 3 தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு முறை கொடுங்கள். இந்த நேரத்தில் "சுகர் ஆளுக்குச் சர்க்கரையா" என்று யாரும் தடுக்க விடாதீர்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யுங்கள். சாப்பாட்டு அறையில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரையும் தேக்கரண்டியும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

குழந்தையின் பெற்றோரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "எங்கள் வீட்டில் மற்ற நாட்களில் கோதுமை சமைப்போம். இந்த இரண்டு நாள் எடுத்துவிட்டோம், பாத்திரம் இப்படிச் சுத்தம் செய்தோம், பெருங்காயம் இது" என்று டப்பாவையே கையில் கொடுங்கள். குளூட்டன் இல்லாத வீடு என்று விளம்பரம் போட வேண்டாம், அந்த வார்த்தைக்குப் பரிசோதனையும் அளவும் உண்டு. பெற்றோர் அடுப்படிக்கு வந்து பார்க்கிறேன் என்றால் தாராளமாக விடுங்கள். வருடக்கணக்கில் லேபிள் படித்தவர்களின் கண்ணுக்கு நமக்குத் தெரியாதது தெரியும்.

எங்காவது தவறு நடந்துவிட்டது என்று உங்களுக்கே தெரிந்தால், அக்கா மறந்து பழைய பொடியைப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், பரிமாறும் முன் என்றால் அந்தப் பாத்திரத்தைக் குழந்தைக்கு இல்லை என்று தள்ளிவிட்டு மற்றவர்களுக்குப் போடுங்கள். குழந்தைக்குச் சோறு, தயிர், உசிலி இருக்கிறது. சாப்பிட்டபின் தெரிந்தால் மறைக்காமல் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அறிகுறி வர ஒரு மணிநேரமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். எதனால் வலி என்று தெரிந்தால் அவர்கள் அதற்கேற்றபடி பார்த்துக்கொள்வார்கள், மறுநாள் வெளியே போகும் திட்டத்தையும் மாற்றிக்கொள்வார்கள். அதற்காக அந்த இரண்டு நாளும் எதில் என்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், பொட்டலங்களின் உறைகளையும் அவர்கள் கிளம்பும்வரை தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்திருங்கள்.